மரத்துக்குள் ஓடாத 400 அம்பியர்

பரந்தனில் பின்னேர வகுப்பு ஒன்று எடுக்கிறேன். உயர்தரப் பிள்ளைகள், பௌதிகவியல். மாரி தொடங்கியிருந்த ஒரு நாள், தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தபடியால் சத்தமாகப் பேசிப் பேசி, நேரான குழாய் மாதிரிக் கம்பி சுற்றிய வரிச்சுருளை ஒருமாதிரி முடித்திருந்தேன். அந்த வரிச்சுருளை அப்படியே வளைத்து இரண்டு முனைகளையும் சேர்த்தால் வளையச் சுருள், அதைத் தொரோயிட் என்றும் சொல்வார்கள் என்றேன். மின்னோட்டம் ஓடும்போது உள்ளே காந்தப் புலம் சீரானது, வெளியே புலம் இல்லை என்று சொல்லி, வரிச்சுருளுக்கு எழுதிய அதே B = μ₀nI என்ற சமன்பாட்டைத் திரும்பவும் பலகையில் எழுதினேன். பல வருடங்களாக இதை இப்படித்தான் எழுதி வந்தேன். அன்றைக்கு முரசுமோட்டையிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள். "சேர், n எண்டா ஒரு மீற்றருக்கு எத்தனை சுற்று எண்டுதானே? அது எந்த மீற்றர்? உள்பக்கத்தால அளக்கிற மீற்றரோ, வெளிப்பக்கத்தால அளக்கிற மீற்றரோ?"

சராசரி ஆரையை எடு என்று பதில் சொன்னேன். அவள் அதை எழுதிக்கொண்டாள். ஆனால் எழுதிய பிறகும் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாடக்குறிப்பு கேட்கிற அளவுக்கு அந்தப் பதில் போதும். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. உள்பக்கத்து மீற்றருக்கும் வெளிப்பக்கத்து மீற்றருக்கும் வெவ்வேறு n வருமென்றால் புலமும் வெவ்வேறாகத்தானே வர வேண்டும்? சீரானது என்று நான் சொன்னது எங்கே போகும்? அன்றிரவு ஏ9 வீதியால் சைக்கிளில் வரும்போதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

விதி சொல்வது என்ன

வீட்டுக்கு வந்து பழக்கத்தை விட்டுவிட்டு விதியிலிருந்து தொடங்கினேன். அம்பியரின் விதி n என்ற எழுத்தை அறியாது. ஒரு மூடிய பாதையை எடு, அந்தப் பாதை வழியே காந்தப் புலத்தின் கூறை நீளத்தோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டு போ, தொடங்கிய இடத்துக்கு வந்தால் கிடைக்கும் மொத்தம் அந்தப் பாதை சூழ்ந்திருக்கும் மின்னோட்டத்தின் μ₀ மடங்கு, μ₀ என்பது ஒரு மாறிலி. இவ்வளவுதான். (இதற்கு அம்பியரின் பெயர் நின்றுவிட்டாலும், இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் மக்ஸ்வெல்.) விதி தனியே புலத்தைத் தந்துவிடாது, மொத்தத்தை மட்டும்தான் தரும். மொத்தத்திலிருந்து புலத்தை எடுக்க வளையத்தின் சமச்சீர் வேண்டும். சுருள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிச் சுற்றப்பட்டிருந்தால், வளையத்தின் நடு அச்சிலிருந்து ஒரே தூரத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளும் ஒன்றுக்கொன்று வேறுபாடில்லாதவை. ஆகவே அச்சை மையமாக வைத்து வரையும் ஒரு வட்டத்தில் புலம் எங்கும் ஒரே அளவு, வட்டத்தின் வழியே ஓடும் திசை. அப்படியென்றால் கூட்டல் வெறும் பெருக்கலாகிவிடும்.

B × 2πr = μ₀NI

இங்கே B என்பது புலம், r வட்டத்தின் ஆரை, N மொத்தச் சுற்றுகள், I கம்பியில் ஓடும் மின்னோட்டம். வட்டம் வளையத்தின் நடுத்துளைக்குள் இருந்தால் அது ஒரு கம்பியையும் சூழாது, புலம் பூச்சியம். வட்டம் வளையத்துக்கு வெளியே இருந்தால் ஒவ்வொரு சுற்றும் உள்பக்கத்தால் ஒருமுறை கீழே இறங்கி வெளிப்பக்கத்தால் ஒருமுறை மேலே ஏறும், இரண்டும் கழிந்து பூச்சியம். வட்டம் வளையத்தின் உடம்புக்குள்ளே போனால் மட்டும்தான் உள்பக்கத்துக் கம்பிகள் N உம் அதற்குள் அகப்படும், வெளிப்பக்கத்தவை அகப்படா. உடம்புக்குள் சின்ன வட்டம் போட்டாலும் பெரிய வட்டம் போட்டாலும் அகப்படுவது அதே N தான். வலப்பக்கம் மாறாது. இடப்பக்கத்தில் r கூடினால் B குறைந்தே ஆக வேண்டும்.

இரண்டு வரிக் கணக்கு. இதைப் பல வருடங்கள் நானே பலகையில் எழுதி, கடைசி வரியில் N/2πr என்பதை n என்று மாற்றி, அந்த மாற்றத்தோடு r ஐ மறைத்துவிட்டிருந்தேன். கணக்கில் பிழையில்லை. அந்தக் கடைசி மாற்றம்தான் பிள்ளைகளின் கண்ணிலிருந்து விடயத்தை எடுத்துவிடுகிறது என்று இப்போது நினைக்கிறேன்.

வேப்பம் வளையம்

கணக்கு மனதுக்கு ஒத்துவந்தாலும் கையால் தொட்டுப் பார்க்காமல் விட மனமில்லை. கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த ஒரு தச்சுப் பட்டறையில் வேப்பம் பலகை ஒன்றைக் கடைந்து வளையம் செய்யச் சொன்னேன். உள் ஆரை 4 சென்ரிமீற்றர், வெளி ஆரை 8, தடிப்பு 3. இரும்பு வளையம் எடுக்காததற்குக் காரணம் உண்டு. இரும்பு தன் பங்குக்குப் புலத்தைப் பெருக்கி, நிரம்பி, பழைய காந்தத்தை மிச்சம் வைத்துக் கதையைக் குழப்பும். மரம் காந்தத்துக்குக் காற்று மாதிரி. அகன்ற வளையம் எடுத்ததும் வேண்டுமென்றுதான். ஒடுங்கிய வளையத்தில் வேறுபாடு தெரியாது.

சுற்றுவதுதான் பொறுமை வேண்டிய வேலை. நேரான சுருள் என்றால் அச்சைச் சுழற்றினால் கம்பி தானாக ஏறும். வளையத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் முழுக் கம்பியும் துளைக்குள்ளால் போய் வர வேண்டும். முல்லைத்தீவுப் பக்கம் வலை பின்னுகிறவர்கள் நூலை ஏற்றி வைத்திருக்கும் ஊசி மாதிரி ஒரு தட்டை மரத்துண்டு செய்து, அதில் 0.7 மில்லிமீற்றர் எனாமல் பூசிய செப்புக் கம்பியை ஏற்றிக்கொண்டோம். ஒரு சுற்றுக்கு 14 சென்ரிமீற்றர் கம்பி, 300 சுற்றுக்கு 42 மீற்றர். கேள்வி கேட்ட பிள்ளையும் அவளுடைய இரண்டு சிநேகிதிகளும் மாறி மாறிச் சுற்ற, இரண்டு பின்னேரம் போனது.

முடிந்த பிறகு வளையத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம், உணரியை இறக்க ஆரை வழியே ஒரு ஒடுங்கிய பிளவு வெட்ட வேண்டியிருந்தது. அதைச் சுற்றுவதற்கு முன்னமே வெட்டியிருக்க வேண்டும். மறந்துவிட்டோம். இருபது சுற்றைக் கழற்றித் திரும்பச் சுற்ற வேண்டி வந்தது. அப்போது தச்சு ஐயா வளையத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, உள்ளுக்குப் பாய் பின்னின மாதிரி நெருக்கமாக் கிடக்கு. வெளியில ஐதாக்கிடக்கு, மரம் தெரியுது. இது பிழையில்லையோ?"

பிழையில்லை ஐயா, அப்படித்தான் வரும் என்றேன். உள் விளிம்பின் சுற்றளவு 25 சென்ரிமீற்றர், வெளி விளிம்பினது 50. அதே 300 கம்பி உள்ளே 25 இலும் வெளியே 50 இலும் பரவ வேண்டும். பிள்ளை கேட்ட "எந்த மீற்றர்" என்ற கேள்வியை அவரும் தன் பாட்டில் கண்டுபிடித்துவிட்டார்.

இந்த நெருக்கத்தைக் காட்டி, உள்ளே கம்பி கூட ஆகவே புலம் கூட என்று சொல்லிவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் விளக்குவார்கள். விளிம்புகளுக்கு அது சரி. ஆனால் மரத்தின் நடுவில், 6 சென்ரிமீற்றரில், கம்பியே கிடையாது. உள்பக்கத்துக் கம்பியும் வெளிப்பக்கத்துக் கம்பியும் தூரத்தில் நிற்கின்றன. அங்கே புலம் எவ்வளவு, உள்ளிருந்து வெளியே வரும்போது அது எப்படி இறங்குகிறது என்பதை நெருக்கம் மட்டும் சொல்லாது. இரண்டு விளிம்புகளிலும் வெவ்வேறு பெறுமானம் இருந்து நடுவில் பெரும்பகுதி சீராக இருந்தால் என்ன என்று அந்தப் பிள்ளையே கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் தேடியபோதுதான் எனக்கு விடயம் உண்மையில் பிடிபட்டது.

சீராக இருந்தால் என்ன ஆகும்

சரி, சீராக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம் என்றேன். 2 அம்பியர் ஓட விட்டால் 300 சுற்றுக்கு NI 600. நடு ஆரையான 6 சென்ரிமீற்றரில் கணக்கின்படி புலம் 2 மில்லிடெஸ்லா. அந்த 2 மில்லிடெஸ்லாவே மரம் முழுவதும் இருக்கிறது என்று எடுப்போம். இப்போது உள் விளிம்பை ஒட்டி, மரத்துக்குள் ஒரு வட்டம் போடு. நீளம் 0.251 மீற்றர். 0.002 ஐ 0.251 ஆல் பெருக்கி μ₀ ஆல் வகுத்தால் 400. அந்த வட்டம் 400 அம்பியரைச் சூழ்ந்திருக்க வேண்டும். வெளி விளிம்பை ஒட்டி இன்னொரு வட்டம் போடு. நீளம் இரண்டு மடங்கு, ஆகவே 800 அம்பியர். இரண்டு வட்டத்துக்கும் இடையில் 400 அம்பியர் வித்தியாசம். அந்த 400 அம்பியர் எங்கே ஓடுகிறது? இரண்டு வட்டத்துக்கும் இடையில் இருப்பது வேப்பம் பலகை மட்டும்தான்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கும் அந்த இடத்தில் ஒரு திடுக்கம் இருந்தது, ஏனென்றால் பலகையில் அதைச் செய்து முடிக்கும் வரை நானும் இப்படி யோசித்ததில்லை. வளைந்த பாதையில் சீரான புலம் என்பது சும்மா கிடைக்கிற ஒன்று இல்லை. வெளியே போகப் போகப் பாதை நீளுகிறது, நீளும் பாதையிலும் அதே புலத்தைத் தாங்க வேண்டுமென்றால் இடையில் மின்னோட்டம் சேர்ந்துகொண்டே போக வேண்டும். மரத்துக்குள் மின்னோட்டம் இல்லை. ஆகவே புலம் r உடன் இறங்கத்தான் வேண்டும், அதுவும் B × r மாறாமல் இருக்கும் அளவுக்குச் சரியாக இறங்க வேண்டும். நடுவில் கொஞ்ச இடம்கூடச் சீராக இருக்க அனுமதியில்லை. மரத்துக்குள் எந்த இடத்திலும் பிட்டுத் துண்டு வெட்டுகிற மாதிரி ஒரு சின்னப் பாதை வரையலாம்: உள்ளே ஒரு குட்டை வில், வெளியே ஒரு நீள வில், இரண்டையும் சேர்க்க ஆரை வழியே இரண்டு கோடு. ஆரைக் கோடுகளுக்குப் புலம் செங்குத்து, அவற்றால் ஒன்றும் வராது. உள்ளே மின்னோட்டம் இல்லாததால் இரண்டு வில்லும் ஒன்றையொன்று கழித்துவிட வேண்டும். குட்டை வில்லில் புலம் கூட, நீள வில்லில் புலம் குறைய. வேறு வழி இல்லை.

பிள்ளைகளில் ஒருவன் சூடு மிதிக்கிற மாடுகளை நினைத்தான். அவனுடைய அப்பப்பா காலத்தில் நடுக்கட்டையில் பிணைத்து மாடுகளை வட்டமாக நடத்துவார்களாம். உள்மாடு மெல்ல நடக்கும், வெளிமாடு எட்டி நடக்க வேண்டும். நாங்கள் பேசுவதற்கு அது நேர்மாறு, ஆனால் நன்றாக உதவியது. மாடுகள் ஒரே கயிற்றில் பிணைந்திருப்பதால் வெளியே போகப் போக வேகம் கூடுகிறது. குளத்துத் துரிசடியில் தண்ணீர் சுழிக்கும்போது நடந்துகொள்வது வேறு. சுழியின் நடுவை நெருங்க நெருங்கத் துரும்பு வேகமாகச் சுற்றும், விலகினால் மெல்லச் சுற்றும். அந்தச் சுழியில் நடுவுக்கு வெளியே வேகமும் ஏறக்குறைய r க்கு எதிர்விகிதத்தில்தான் குறையும். எங்கள் வளையத்துக்குள் புலம் மாட்டைப் போல இல்லை, சுழியைப் போல.

இன்னொன்றையும் இங்கேயே கவனித்தோம். சமன்பாட்டில் வளையத்தின் தடிப்பு வரவேயில்லை. குறுக்குவெட்டு சதுரமோ வட்டமோ, அச்சிலிருந்து ஒரே தூரத்தில் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் புலம் ஒன்றே. மாறுவது r உடன் மட்டும்.

அளந்தபோது

அளக்க 49E என்று எழுதியிருக்கும் சின்ன ஹோல் உணரி ஒன்றைப் பயன்படுத்தினோம். மூன்று காலுள்ள சாதாரண ட்ரான்சிஸ்டர் மாதிரி இருக்கும், 5 வோல்ற்றில் ஒரு மில்லிடெஸ்லாவுக்கு ஏறத்தாழ 14 மில்லிவோல்ற் தரும். புலம் இல்லாதபோதே 2.5 வோல்ற் காட்டுவதால் மல்ரிமீற்றரை நேரடியாக வைத்தால் சின்ன மாற்றம் தெரியாது. அதே 5 வோல்ற்றிலிருந்து இரண்டு தடைகளால் 2.5 வோல்ற் எடுத்து, அதற்கும் உணரிக்கும் இடையில் மீற்றரை வைத்தோம். அப்போது 200 மில்லிவோல்ற் அளவிடையில் வாசிக்கலாம். உணரியின் முகம் வட்டத்தின் வழியே பார்க்க வேண்டும், அதாவது ஆரைப் பிளவுக்குள் அது தட்டையாக இறங்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் மின்னோட்டத்தை ஒருமுறை நேராகவும் ஒருமுறை மறுதிசையிலும் விட்டு, இரண்டு வாசிப்பின் வித்தியாசத்தில் பாதியை எடுத்தோம். உணரியின் சொந்த நகர்வும் பூமியின் புலமும் இப்படிச் செய்தால் கழிந்துவிடும்.

4.5 சென்ரிமீற்றரில் கணக்கின்படி 37 மில்லிவோல்ற் வர வேண்டும். முதலில் 35 தான் வந்தது. உணரி சரிந்துவிட்டதோ என்று பிள்ளைகள் அதை எடுத்து எடுத்து வைத்தார்கள். பிறகு அம்பியர்மானியைப் பார்த்தால் 1.9. சுருள் சூடேறித் தடை கூடியிருக்கிறது, பற்றரியும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாறுந்தடையைத் திருகி 2 க்குக் கொண்டுவந்து, வாசிக்கும் நேரம் மட்டும் மின்னோட்டம் விடுவது என்று முடிவு செய்தோம். அப்புறம் 4.5 இல் 37, நடுவில் 6 இல் 28, 7.5 இல் 22. இந்த மூன்று எண்ணையும் அப்படியே பார்த்தால் குறைகிறது என்பது மட்டும் தெரியும். ஒவ்வொன்றையும் அதன் ஆரையால் பெருக்கச் சொன்னேன். 167, 168, 165. புலம் சீராக இருந்திருந்தால் இந்தப் பெருக்கம் உள்ளிருந்து வெளியே ஏறிக்கொண்டே போயிருக்கும். முரசுமோட்டைப் பிள்ளை அந்த மூன்று எண்ணையும் தன் கொப்பியில் பெட்டி கட்டி வைத்தாள்.

அப்படியென்றால் நான் அன்றைக்குச் சொன்ன சராசரி ஆரை எவ்வளவு பிழை? எங்கள் வளையத்தில் உள் விளிம்பில் புலம் 3 மில்லிடெஸ்லா, வெளி விளிம்பில் 1.5. நடு ஆரையில் 2. முழுக் குறுக்குவெட்டுக்கும் புலத்தைச் சராசரி எடுத்தால், மடக்கை வந்து, 2.08 கிடைக்கும். பாயத்தை, அதாவது குறுக்குவெட்டு முழுவதையும் ஊடறுக்கும் புலத்தின் மொத்தத்தை, கணக்கிட மட்டும் சராசரி ஆரை போதும், நூற்றுக்கு நாலுதான் பிழை. உள் ஆரை 5.75, வெளி ஆரை 6.25 என்று ஒடுங்கிய வளையமாக இருந்தால் விளிம்புக்கு விளிம்பு வேறுபாடே நூற்றுக்கு ஒன்பதுக்குள் அடங்கிவிடும், அங்கே சீரானது என்று சொன்னாலும் யாருக்கும் நட்டமில்லை. மொத்தப் பாயத்தில் சின்னப் பிழை, ஒவ்வொரு இடத்துப் புலத்தில் பெரிய பிழை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் விட்டதுதான் என் குறை.

அந்தப் பெரிய பிழை எங்கே உறைக்கும் என்பதற்கு இன்வேட்டருக்குள் இருக்கும் பெரைட் வளையங்களே போதும். மின்னோட்டம் கூடும்போது அகணி, அதாவது கம்பி சுற்றியிருக்கும் அந்த வளையம், இதற்கு மேல் காந்தமாக முடியாமல் நிரம்பும் என்று நாங்கள் ஒரே சொல்லில் சொல்கிறோம். அறை வெப்பநிலையில் பெரைட் ஏறத்தாழ 0.4 டெஸ்லாவில் நிரம்பத் தொடங்கும். வெளி ஆரை உள் ஆரையின் இரண்டு மடங்கு என்றால், உள் விளிம்பு நிரம்பும் நேரத்தில் வெளி விளிம்பு கிட்டத்தட்டப் பாதியில்தான் நிற்கும். ஆகவே அகன்ற வளையம் ஒரேயடியாக நிரம்பாது. உள் விளிம்பிலிருந்து வெளியே வளையம் வளையமாக நிரம்பிக்கொண்டு வரும், மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் அளவான தூண்டம் சடாரென்று விழாமல் சரிந்து சரிந்து இறங்கும். நடு ஆரையை வைத்துக் கணக்குப் பார்த்தவருக்கு இன்னும் இடமிருக்கிறது என்று தோன்றும் வேளையில் உள்பக்கம் ஏற்கெனவே முடிந்துபோயிருக்கும்.

வெளியே பூச்சியம் என்று சொன்னதிலும் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. கம்பி ஒவ்வொரு சுற்றிலும் வளையத்தின் வழியே கொஞ்சம் முன்னேறுகிறது. 300 சுற்று முடியும்போது அது வளையத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அது 2 அம்பியர் ஓடும் ஒற்றைச் சுற்று. அதன் புலம் வளையத்தின் மையத்தில், அச்சின் வழியே, ஏறத்தாழ 0.02 மில்லிடெஸ்லா. எங்கள் பக்கத்தில் பூமியின் கிடைப்புலம் சுமார் 0.04. ஆகவே வளையத்தைச் செங்குத்தாக, அதன் அச்சு கிழக்கு மேற்காக இருக்கும்படி நிறுத்தி நடுத்துளையில் ஒரு திசைகாட்டியை வைத்தால், பூச்சியம் என்று நாங்கள் எழுதிய அந்த இடத்தில் ஊசி இருபத்தைந்து பாகைக்கு மேல் விலக வேண்டும். வைத்துப் பார்த்தோம். விலகியது.

இதைத் தீர்க்க, கம்பியின் முடிந்த முனையை வளையத்தின் வழியே மறுதிசையில் ஒருமுறை சுற்றிக்கொண்டுவந்து தொடங்கிய இடத்தில் வெளியே எடுக்க வேண்டும். அந்த ஒற்றைச் சுற்று அப்போது கழிந்துவிடும். போன கிழமை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகும் அந்தப் பிள்ளை மேசையில் இருந்து கம்பியை வெளி விளிம்பை ஒட்டிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். "சேர், இதை உள் விளிம்பால கொண்டு போகவோ, வெளி விளிம்பால கொண்டு போகவோ?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு விதமாகவும் கட்டி, திசைகாட்டியை வைத்துப் பார்ப்போம் என்றேன்.